சந்தனக் கிண்ணமும் ஒரு குவார்ட்டரும்

கோயில் கொடை, கல்யாணம் என்று ஊரே கூடும் மாதங்கள் வந்தால் எனக்கு வரும் கடிதங்களின் நிறமும் மாறிவிடும். இந்த முறை நான்கு பேர், கூச்சத்தையும் அதை மறைக்கக் குடிப்பதையும் பற்றி, ஏறக்குறைய ஒன்றையே கேட்டிருக்கிறார்கள்.

கொடைக்கு வரி பிரிக்கப் போனால்கூட எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. 90 மில்லி உள்ளே போனால் நானே முன்னால் நின்று பேசுகிறேன். இது எப்படி? (அம்பாசமுத்திரம்)

மூளையில் காபா என்ற வேதிப்பொருள் பிரேக், குளூட்டமேட் ஆக்ஸிலரேட்டர். மது முதலாவதை அழுத்தி, இரண்டாவதைத் தளர்த்துகிறது. எதிரில் நிற்பவரின் முகச்சுளிப்பை ஆபத்தென்று படிக்கும் அமிக்டலா என்ற பகுதியும் மந்தமாகிறது. ஆகவே நிம்மதி கற்பனையல்ல. ஆனால் பாதி உங்கள் நம்பிக்கை. முதல் மடக்கு இறங்கிய உடனேயே தைரியம் வந்துவிட்டதாகப் பலர் சொல்வார்கள். இரத்தத்தில் மது உச்ச அளவை எட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். ‘இனி பயமில்லை’ என்ற எதிர்பார்ப்பு அதை முந்திக்கொள்கிறது.

கல்யாண வீட்டில் எல்லோரிடமும் கலகலப்பாகப் பேசினேன். விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடத்து விழித்தேன். யாரிடம் என்ன உளறினேனோ என்று இன்னும் உறுத்துகிறது. (பாளையங்கோட்டை)

ஒன்பது மணிக்கு ஒரு குவார்ட்டர் என்று வைத்துக்கொள்வோம். 180 மில்லி பிராந்தியில் சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கும். கல்லீரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம்தான் எரிக்கும். கணக்குத் தீர மூன்று மணி தாண்டிவிடும். மது இறங்க இறங்க, அது அமுக்கி வைத்திருந்த ஆக்ஸிலரேட்டர் துள்ளி எழுகிறது. அந்தப் படபடப்பு அதனால் வருவது. நீங்கள் அதை உளறியதற்கான சாட்சியாக எடுத்துக்கொள்கிறீர்கள். நினைவில் விட்டுப்போன இடங்களை வெட்கம் இட்டு நிரப்புகிறது. மறுநாள் மறுவீட்டுச் சொதிக்குப் போகும்போது கையில் நடுக்கம் மிச்சமிருக்கும். நேற்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குடித்துவிட்டுப் போகலாமா என்று தோன்றும். சுழல் தொடங்கும் இடம் இதுதான்.

குடிக்காமல் எப்படித்தான் சமாளிப்பது? (வள்ளியூர்)

என்னிடம் வந்த ஒருவரின் கதையை, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். தங்கை கல்யாணத்தில் பந்தல் வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்க வேண்டியவர். கை நடுங்குவதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள் என்பதே அவர் பயம். முந்தைய விசேஷங்களை எல்லாம் ஒரு குவார்ட்டர் தாங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஒன்றும் ஆகாமல் வீடு திரும்பியதற்கு நன்றி பாட்டிலுக்குத்தான் போயிற்று. ‘நானே நின்றிருக்க முடியும்’ என்று மனம் கற்றுக்கொள்ள வழியே இல்லை. அதனால் இருபது விசேஷத்துக்குப் பிறகும் பயம் முதல் நாள் போலவே இருந்தது.

முதலில் அவர் கணிப்பை எழுதவைத்தேன்: ‘கை நடுங்கும், பத்துப் பேராவது சிரிப்பார்கள்.’ பிறகு படி படியாக ஏறினார். ஒரு வாரம் டீக்கடையில் பக்கத்தில் இருப்பவருக்கு டம்ளரை எடுத்துக் கொடுத்தார். அடுத்து பஸ்ஸில் அறிமுகமில்லாதவரிடம் பேச்சுக் கொடுத்தார். மூன்றாவதாக, சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பில் பன்னீர்ச் செம்புடன் முக்கால் மணி நேரம் நின்றார். மது கூடாது, செம்பை இரு கையாலும் இறுக்கக் கூடாது, செல்போனைப் பார்க்கக் கூடாது. இறுக்குவதும் செல்போனைப் பார்ப்பதும்கூடக் குட்டிக் குவார்ட்டர்கள்தான்.

முதல் பத்து நிமிடம் கை நடுங்கவே செய்தது. சிரித்தவர் யாருமில்லை. ஒரு மாமா மட்டும், “சாப்பிட்டியா மாப்ளே? முகம் வாடியிருக்கு” என்றாராம். அரை மணியில் பயம் தானாகத் தணிந்தது. அந்த அரை மணியைத்தான் மது திருடுகிறது. கல்யாணத்தன்று வாசலில் நின்றுவிட்டார், ஆனால் அன்று இரவு நண்பர்களோடு குடித்தார். அதையும் மறைக்காமல் எழுதி வந்தார்.

பயம் கடுமையாக இருந்தால் செர்ட்ரலின், எஸ்சிட்டலோபிராம் போன்ற மாத்திரைகளை மருத்துவர் தருவார். பலன் தெரியச் சில வாரங்கள் பிடிக்கும். தூக்க மாத்திரையை மதுவோடு சேர்ப்பது மூச்சையே நிறுத்தக்கூடும்.

கணவர் இப்போது கடை திறக்கும் முன்பே குடிக்கிறார். இல்லாவிட்டால் வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க முடியவில்லையாம். பாட்டிலை ஒளித்து வைத்துவிட்டேன். (சங்கரன்கோவில்)

அம்மா, எடுத்த இடத்தில் வைக்கச் சொல்வது விசித்திரமாகத் தோன்றும். ஆனால் தினமும் காலையிலேயே குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் புத்தி தடுமாறி, இல்லாததைப் பார்க்கவும் கூடும். நடுக்கம், வியர்வை, வாந்தி தெரிந்தால் காத்திருக்காதீர்கள். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். அங்கே மருந்தும் தயமின் என்ற வைட்டமின் ஊசியும் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்துவார்கள். அவருக்குக் கூச்சம் எந்த வயதில் தொடங்கியது, குடி எந்த வயதில் என்று ஒரு தாளில் குறித்துக் கொண்டுவாருங்கள். பெரும்பாலும் பள்ளிக்கூட நாளிலேயே கூச்சம் வந்திருக்கும். குடியை நிறுத்திய பிறகு அந்தப் பழைய பயத்துக்கும் வைத்தியம் பார்க்க வேண்டும். வருவதற்குள் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.