தவணை தவறாமல் கட்டியும் முழுக்கடனையும் கேட்கிறார்களா?

கேள்வி: ஐந்து வருடத் தவணைக் கடன். இரண்டு வருடமாக ஒரு தவணைகூடத் தாமதமில்லை. ஆனால் ‘நிபந்தனை மீறல்’ என்று சொல்லி மீதி முழுவதையும் கேட்டு வங்கி கடிதம் அனுப்பியிருக்கிறது. இது நியாயமா?

நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலைப் படித்தேன். பணம் கட்டுவது உங்கள் கடமைகளில் ஒன்று மட்டும்தான். கடன் தீரும்வரை சில விஷயங்களைக் காப்பாற்றுவதாகவும் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். அதில் ஒன்று கடன் அடைக்கும் திறன் விகிதம், வங்கிக்காரர்கள் டிஎஸ்சிஆர் என்பது. செலவுகளும் வரியும் போகத் தொழிலில் நிற்கும் பணத்தை, அந்த வருடம் கட்ட வேண்டிய அசலும் வட்டியும் சேர்ந்த தொகையால் வகுத்தால் வருவது. உங்கள் ஒப்பந்தப்படி அது 1.25-க்குக் கீழே போகக் கூடாது.

போன வருடம் உங்களுக்கு நின்றது 46 லட்சம், கட்ட வேண்டியது 40 லட்சம். வகுத்தால் 1.15. தவணை கட்டப் பணம் போதும், அதனால்தான் உங்களுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் 1.25 வர 50 லட்சம் நின்றிருக்க வேண்டும். 4 லட்சம் குறைவு. ஆண்டுக் கணக்கை வங்கிக்குக் கொடுத்த அன்றே அது வெளியே வந்துவிட்டது.

ஆனாலும் மீறல் நடந்த உடனே முழுக்கடனையும் கேட்க முடியாது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் மீறல் வேறு, ‘தவறல் நிகழ்வு’ வேறு. உங்களுடையதிலும் அப்படித்தான்: வங்கி எழுத்தில் தெரிவித்து, சரிசெய்ய 30 நாள் தர வேண்டும். அதற்குள் சரியாகாவிட்டால்தான் அது தவறல் நிகழ்வு. அப்புறமும் கடன் தானாக முதிர்ந்துவிடாது. ‘முழுவதும் இப்போதே செலுத்தத்தக்கது’ என்று வங்கி தனியாக அறிவிக்க வேண்டும். உங்களுக்கு வந்திருப்பது ஒரே கடிதம். 30 நாளைத் தாண்டி நேராகக் கடைசிப் படிக்குப் போயிருக்கிறார்கள். இதை உடனே எழுத்தில் ஆட்சேபியுங்கள். கூடவே, உரிமையாளர் சொந்தப் பணம் போட்டுக் குறையை நிரப்ப ஒப்பந்தம் இடம் தருகிறது. 4 லட்சத்தைப் போட்டு விகிதத்தைச் சரிசெய்யுங்கள். இரண்டையும் ஒரு வக்கீலை வைத்துச் செய்யுங்கள்.

கேள்வி: 60 பக்க ஒப்பந்தம். வட்டியை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். இப்போது பழைய இயந்திரத்தை விற்கலாமா?

அடமானத்தில் இருந்தால் வங்கியின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்கக் கூடாது. விற்றால் அதுவே மீறலாகும். மற்ற 59 பக்கங்களை இன்றிரவு உட்கார்ந்து படியுங்கள், வேறென்ன சொல்ல!

கேள்வி: விகிதம் குறைந்தபோது கிளை மேலாளர் “பரவாயில்லை, பார்த்துக்கொள்ளலாம்” என்றார். அவர் மாறிப் போய்விட்டார். புதியவர் அந்தக் குறைவையே மீறல் என்று காரணம் காட்டுகிறார்.

உங்களை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. நம்பிக்கை தரும்படி பேசியது அவர்கள்தான். ஆனால் விலக்கு எழுத்தில் இருந்தால்தான் செல்லும், தவணையை வாங்கிக்கொண்டதாலேயே உரிமையை விட்டதாகாது என்ற வரிகள் அநேகமாக எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். அந்த உரையாடலைக் காட்டும் மின்னஞ்சல், குறுஞ்செய்தி எது இருந்தாலும் திரட்டுங்கள். எந்த மீறலுக்கு, எந்தத் தேதிவரை விலக்கு என்று குறிப்பிட்டுப் புதியவரிடம் இன்றே எழுதிக் கேளுங்கள்.

கேள்வி: கையெழுத்துக்கு முன்னால் எந்த வரியில் சண்டை போட வேண்டும்?

இரண்டு வரிகளில். இது எனக்குப் பல வருட ஆதங்கம்.

முதலாவது, ‘வங்கியின் கருத்தில் கடனாளியின் நிலை பாதகமாக மாறினால்’. 1.25 என்பதை நீங்களும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒருவர் மனதில் இருக்கும் கருத்தை எப்படிக் கணக்குப் போடுவது? ‘கருத்தில்’ என்பதை எடுத்துவிட்டு, ‘கடனைத் திருப்பிக் கட்டும் திறனைக் கணிசமாகப் பாதிக்கும் மாற்றம்’ என்று எழுதச் சொல்லுங்கள்.

இரண்டாவது, தவணை அட்டவணை போட்ட பிறகும் எங்கோ பின்பக்கத்தில் வரும் ‘கேட்டவுடன் திருப்பித் தர வேண்டும்’. நான் இதில் விழுந்தேன். நான்கு வருடக் கடன் என்று நம்பி வாங்கினேன். இரண்டாம் வருடம் வங்கி என் தொழில்துறைக்கே கடனைக் குறைக்க முடிவுசெய்தது. என் மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. அந்த வரியைக் காட்டினார்கள், மீதியைக் கேட்டார்கள். அட்டவணை இருக்கும்போது இந்த வரி செல்லுமா என்று வாதாட இடமுண்டுதான், ஆனால் வாதாட எனக்குக் காலம் இருக்கவில்லை. வேறோர் இடத்தில் அதிக வட்டிக்கு வாங்கி அடைத்தேன். காலம் குறித்த கடனுக்கு வட்டி கட்டுபவனுக்கு அந்தக் காலம் கிடைக்க வேண்டும். தவறல் நிகழ்வு இல்லாமல் கேட்க முடியும் என்றால் அதைத் தவணைக் கடன் என்று விற்கவே கூடாது. அந்த வரியை எடுக்க மறுத்தால் வேறு வங்கி பாருங்கள்.

கேள்வி: முழுக்கடனையும் கேட்டுவிட்டார்கள், நான் மறுத்து எழுதியிருக்கிறேன். முடிவு தெரியும்வரை தவணையை நிறுத்தி வைக்கட்டுமா?

வேண்டாம். ‘உங்கள் அறிவிப்பை ஏற்காமல் செலுத்துகிறேன்’ என்று எழுதி, உரிய தேதியில் கட்டுங்கள். நிறுத்தினால், இப்போது அவர்களிடம் இல்லாத அசைக்க முடியாத காரணத்தை நீங்களே கொடுத்துவிடுவீர்கள்.