நைட், ஐலண்ட், டெட்: ஒலிக்காத எழுத்து எது?

“ஒவ்வொரு சொல்லிலும் ஒலிக்காத எழுத்தை மகள் வட்டமிட வேண்டும். குதிரை வீரனைக் குறிக்கும் ‘நைட்’டில் கே மட்டுமா, ஜி, எச்சும் சேருமா?”

வணக்கம். ஓர் எழுத்தை மட்டும் கேட்டிருந்தால் கே-யை வட்டமிடச் சொல்லுங்கள். அதை நீக்கினால் இரவைக் குறிக்கும் ‘நைட்’ அதே ஒலியுடன் எஞ்சும். ஜி, எச் இரண்டும் தனியே ஒலிப்பதில்லை என்றாலும், அவற்றை எடுத்துவிட்டால் பின்னுதலைக் குறிக்கும் ‘நிட்’ என்று வாசிக்க நேரும் என்பதால், ஐ-யின் நெடிய ஒலிக்கு அவை அடையாளமாக நிற்கின்றன. எல்லா எழுத்துகளையும் கேட்டிருந்தால் மூன்றையும் குறிக்கலாம்.

‘ஐலண்ட்’டில் எஸ். கடனைக் குறிக்கும் ‘டெட்’டில் பி. முன்பு பி இல்லாமல் எழுதப்பட்ட அச்சொல்லில், லத்தீன் மூலத்தைக் காட்டுவதற்காகக் கற்றோர் பிற்காலத்தில் அதைச் சேர்த்தனர். வங்கிக் கணக்கில் காணும் ‘டெபிட்’ என்ற உறவுச் சொல்லில் அந்த பி தெளிவாக ஒலிப்பதை மகளுக்குச் சொல்லிக் காட்டலாம்.