ஜெராக்ஸ் எடுப்பதை நிறுத்த எங்கள் கிளைக்கு ஏழு மாதம் ஆனது

கேள்வி: உளவியலாளர் கர்ட் லெவினின் ‘உறைநீக்கம், மாற்றம், மறுஉறைவு’ மாதிரியை டிஜிட்டல் முறைக்கு மாறும் ஒரு வங்கிக் கிளைக்கு எப்படிப் பொருத்திக் காட்டுவது? மாற்ற மேலாண்மைப் பேப்பருக்கு வேண்டும். வயதான ஊழியர்களின் எதிர்ப்பைப் பற்றியும் எழுத வேண்டும்.

நீங்கள் எம்.பி.ஏ. இரண்டாம் ஆண்டு என்று நினைக்கிறேன். ‘வயதான ஊழியர்களின் எதிர்ப்பு’ என்ற சொல்லைப் பார்த்ததும்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். ஒரு பொதுத்துறை வங்கியில் 1986-ல் கிளார்க்காகச் சேர்ந்து, மேலாளராக ஓய்வு பெற்றவன் நான். லெட்ஜரில் கையால் எழுதினோம். பிறகு லெட்ஜர் போஸ்டிங் மெஷின் வந்தது, பிறகு எல்லாக் கிளைகளையும் ஒரே கணினி அமைப்பில் இணைத்த கோர் பேங்கிங் வந்தது. நீங்கள் ‘வயதானவர்கள்’ என்று எழுதப்போகிறவர்கள் பணிக்காலத்தில் மூன்று முறை வேலையை அடியோடு மாற்றிக் கற்றுக்கொண்டவர்கள். அவர்களுக்கு மாறத் தெரியாது என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

சரி, என் கிளையில் நடந்ததைச் சொல்கிறேன். டெல்டா பகுதியில் ஒரு சிறிய ஊர், மொத்தம் ஒன்பது பேர். 2022 ஏப்ரலில் உத்தரவு வந்தது: தனிநபர் சேமிப்புக் கணக்குகளை இனி டேப்லெட் கணினியில், அதாவது டேப்பில்தான் தொடங்க வேண்டும். வாடிக்கையாளர் சம்மதத்துடன் ஆதார் எண்ணைப் போட்டு, கைரேகை வைத்தால் பெயரும் முகவரியும் தானாக வந்துவிடும். முகத்தை டேப்பிலேயே படம் எடுத்து, வெள்ளைத்தாளில் போட்ட கையெழுத்தையும் படம் எடுத்து ஏற்றினால் கணக்கு எண் கிடைத்துவிடும். படிவம் வேண்டாம், ஜெராக்ஸ் வேண்டாம்.

முதல் மூன்று மாதத்தில் 186 கணக்குகளை டேப்பில் தொடங்கினோம். வட்டார அலுவலகத்தின் பட்டியலில் எங்கள் கிளை மேலே இருந்தது. ஜூலையில், தேவையான ஸ்டேஷனரியைக் கேட்டு எழுதும் இன்டென்ட் என் மேசைக்கு வந்தது. அதில், கணக்கு தொடங்கும் படிவம் 200 வேண்டும் என்று இருந்தது. ஏப்ரலில் இருந்த 200 எங்கே போயிற்று என்று பார்த்தால், டேப்பில் தொடங்கிய ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு காகிதப் படிவமும் நிரப்பி, ஆதார் ஜெராக்ஸில் ‘அசலுடன் சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, ஃபைலில் கோத்து வைத்திருக்கிறார்கள். பழைய வேலை அப்படியே இருக்க, புதியது அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. திரையில் தெரிந்த எண்ணிக்கை இதைக் காட்டவே இல்லை.

கணக்கு தொடங்கும் சீட்டில் இருந்த மேடத்துக்கு அப்போது 56 வயது. ரயில் டிக்கெட், கரன்ட் பில், பேரனுக்குப் பணம் அனுப்புவது எல்லாம் போனில்தான் செய்வார். அவரிடம் கேட்டேன். “சார், முந்தின பிராஞ்சுல ஒரு கணக்கு மோசடியில மாட்டுச்சு. விசாரணைக்கு வந்தவங்க முதல்ல கேட்டது ஃபாரத்தை. முத்திரையும் கையெழுத்தும் இருந்ததாலதான் என் கூட வேலை பார்த்தவர் தப்பிச்சார். இந்த டேப்புல நான் பார்த்தேன்கிறதுக்கு என்ன சாட்சி இருக்கு?” என்றார்.

உங்கள் பேப்பரின் முதல் பகுதி, அதாவது பழைய பழக்கத்தைத் தளர்த்தும் உறைநீக்கம், இந்தக் கேள்விதான். லெவின் சொன்ன விசைகளை நினைத்துப் பாருங்கள்: ஒரு நிலையைத் தள்ளும் விசைகளும் தடுக்கும் விசைகளும் சமமாக நிற்பதால்தான் பழக்கம் அசையாமல் இருக்கிறது. தள்ளும் விசையைக் கூட்டினாலும் அசையும், ஆனால் உள்ளே இறுக்கம் ஏறும். தடுப்பதை எடுத்துவிட்டால் இறுக்கம் இல்லாமல் அசையும். வட்டார அலுவலகம் தினமும் போன் செய்து தள்ளியது. தடுத்துக்கொண்டிருந்ததோ, விசாரணை வந்தால் தனியாக நிற்க வேண்டிவரும் என்ற பயம். இன்னொன்றும் இருந்தது. வங்கிக் கணக்குக்கு ஆதார் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் சொன்னது. 2019-ல் சட்டத்தைத் திருத்தி, விருப்பப்பட்டவர்களின் ஆதாரை மட்டும் வங்கி சரிபார்க்கலாம் என்றார்கள். ஒரு முறை விதி மாறியதைப் பார்த்தவர்கள், மறுபடி மாறினால் கையில் காகிதம் இருக்கட்டும் என்று நினைத்தது நியாயம்தானே?

அதனால் நான் பயிற்சி வகுப்பு எதுவும் நடத்தவில்லை. மண்டல அலுவலகத்தின் ஆய்வுத் துறைக்கு எழுதினேன்: கைரேகை மூலம் தொடங்கிய கணக்குக்கு எதை ஆவணமாகக் காட்ட வேண்டும்? ஐந்து வாரம் கழித்து ஒரு பக்கப் பதில் வந்தது. கணினியில் உள்ள சரிபார்ப்புப் பதிவே ஆவணம், அதில் எந்த ஊழியர் எந்த நேரத்தில் செய்தார் என்பது பதிவாகிறது, ஜெராக்ஸ் கேட்கக் கூடாது. அந்தக் கடிதத்தை லேமினேட் செய்து அந்த மேடத்தின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தோம். உறைநீக்கம் என்று எதையாவது நான் செய்திருந்தால் அது இதுதான்.

பிறகு ஒரு சனிக்கிழமை, கேஷ் முடித்த பின், ஒன்பது பேரும் உட்கார்ந்தோம். இதற்கும் லெவினிடம் ஆதாரம் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் பெண்களை இதயம், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்பு இறைச்சியைச் சமைக்க வைக்க முயன்றார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர்தான் சமைத்தார்கள். தங்களுக்குள் பேசி முடிவெடுத்த குழுக்களில் 32 சதவீதம். எங்கள் கூட்டத்திலும் நான் முடிவு சொல்லவில்லை. எது டேப்பில், எது காகிதத்தில் என்று அவர்களே பிரித்தார்கள். மைனர் கணக்கு, சங்கங்களின் கணக்கு, ஆதார் தர விரும்பாதவர், மூன்று முறை வைத்தும் கைரேகை விழாதவர், இவர்களுக்குக் காகிதம். மற்ற எல்லாம் டேப் மட்டும். மூன்று முறை என்ற அளவைச் சொன்னவர் தலைமை கேஷியர். நாற்று நட்டும் களை பறித்தும் ரேகை தேய்ந்த விரல்களை அவர் முப்பது வருடமாகக் கவுன்டரில் பார்த்தவர்.

மாற்றக் கட்டத்தில் நாங்கள் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. இதைப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காகித முறையில் வாடிக்கையாளர் படிவத்தைக் கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடத்தில் போய்விடுவார். கணினியில் ஏற்றுவது மதியம் கூட்டம் குறைந்த பிறகு. டேப்பில் முழு வேலையும் அவர் கண் முன்னால், காலை பதினொரு மணிக் கூட்டத்தில் நடக்க வேண்டும். மொத்த உழைப்பு குறைந்தது உண்மை, ஆனால் அது நாளின் மிக மோசமான நேரத்துக்கு வந்து சேர்ந்தது. பின்னால் நிற்பவர் கத்துவார், ஊழியர் பதற்றத்தில் “ஃபாரம் குடுத்துட்டுப் போங்க” என்பார், பழைய முறை திரும்பிவிடும். இதைப் பார்ப்பவர் ‘ஊழியர் எதிர்ப்பு’ என்று எழுதிக்கொண்டு போவார். புதுக் கணக்கு இரண்டு மணிக்கு மேல், டோக்கன்படி என்று மாற்றிய பிறகே அது நின்றது.

இன்னொரு சிக்கல் இன்ஷியல். ஆதாரில் ஒரு பெயர் ‘செல்வி மு’ என்று இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். டேப் ஆதாரில் உள்ளதைத்தான் எடுக்கும், கையால் திருத்த முடியாது. பாஸ் புக்கைப் பார்த்து “இது என் பேர் இல்லையே” என்று திரும்பி வருவார்கள். கைரேகை வைப்பதற்கு முன்பே ஆதார், பான் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார், வேறுபட்டால் முதலில் அதைத் திருத்திக்கொண்டு வரச் சொல் என்று ஒரு வரி சேர்த்தோம்.

அக்டோபர் முடிவில் ஜெராக்ஸ் நின்றது. இதே மாதங்களில் எங்களிடம் தினமும் கேட்கப்பட்ட இன்னொரு கேள்வி, இன்றைக்கு எத்தனை இன்சூரன்ஸ் பாலிசி என்பது. கணக்கு தொடங்க வரும் நூறு நாள் வேலைக்காரரிடம் வருடப் பிரீமியம் கட்டும் பாலிசியை விற்கச் சொன்னார்கள். அடுத்த வருடம் அவரால் கட்ட முடியாது என்று எங்களுக்குத் தெரியும். நான் விற்கச் சொல்லவில்லை, அதற்கு மெமோவும் வாங்கினேன். உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் அந்த வருடத்தைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் போக என்னால் முடியவில்லை.

புதிய பழக்கத்தை நிலைக்கச் செய்யும் மறுஉறைவுக்கு வருகிறேன். ‘இன்றைய உலகில் எதுவும் உறையக் கூடாது, லெவின் பழசு’ என்று யாராவது கீழே எழுதுவார்கள், தெரியும். அவர் 1947 கட்டுரையில் எழுதியது உறைநீக்கம், நகர்தல், உறைதல். பாடப்புத்தகத்தில் வரும் நேர்த்தியான மூன்று படிக்கட்டு பெரும்பாலும் பின்னால் வந்தவர்கள் கட்டியது. அது இருக்கட்டும். வங்கியில் ஒரு நடைமுறை உறையாவிட்டால் அதைத் தணிக்கை செய்ய முடியாது. தணிக்கை செய்ய முடியாததை எந்த ஊழியரும் நம்பமாட்டார்.

நாங்கள் செய்தது சின்ன வேலைகள். மீதிப் படிவங்களில் 25-ஐ வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பினோம். அந்த 25 என் பீரோவில், எண் போட்டு, யாருக்கு, ஏன் என்று எழுதும் பதிவேட்டுடன் இருந்தது. டூட்டி ஷீட்டில் ‘படிவச் சரிபார்ப்பு’ என்ற வரியை அடித்து, ‘டேப் கணக்கு ஒப்புதல்’ என்று எழுதினோம். அப்படியும் 2023 பிப்ரவரியில் உடைந்தது. கிளையின் வேலைகளை உடனுக்குடன் தணிக்கை செய்யும் கன்கரன்ட் ஆடிட்டர் மாறினார். புதியவரிடம் இருந்தது பழைய சரிபார்ப்புப் பட்டியல். பன்னிரண்டு கணக்குகளுக்கு ஜெராக்ஸ் இல்லை என்று குறை எழுதினார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த கடிதத்தைக் காட்டினோம், குறையை நீக்கினார். ஆனாலும் அடுத்த வாரமே ஜெராக்ஸ் மெஷின் ஓட ஆரம்பித்துவிட்டது, நிற்க இரண்டு மாதம் ஆனது. ஆடிட்டரின் பட்டியலையே மாற்றச் சொல்லி அப்போதுதான் எழுதினேன். அக்டோபரிலேயே எழுதியிருக்க வேண்டும், அது என் தவறு.

ஒரே கிளையை வைத்துப் பொதுவாகப் பேசலாமா என்று கேட்பீர்கள். கூடாதுதான். நகரக் கிளையில் விரல் தேய்ந்திருக்காது, தனியார் வங்கியில் விசாரணைப் பயம் வேறு மாதிரி இருக்கும். நீங்கள் வேறு கிளைகளுக்குப் போய்ப் பார்க்கும்போது, ஐந்து புள்ளி அளவுகோலில் ‘மாற்றத்தை வரவேற்கிறீர்களா’ என்று கேட்கும் தாளை மட்டும் கொண்டுபோகாதீர்கள், எல்லோரும் நான்கு என்று போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அனுமதி வாங்கிக்கொண்டு மூன்றரை மணிக்குப் போய், ஸ்டேஷனரி பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். டேப் கணக்கு எத்தனை, அதே மாதத்தில் செலவான படிவம் எத்தனை என்று இரண்டையும் பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம் ஆடிட்டரின் பட்டியல் எந்த வருடத்தது என்று கேளுங்கள்.

அந்த மே மாதம் எனக்கு இடமாற்றம் வந்தது. பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் சாவிகள், முத்திரைகளோடு படிவங்களையும் ஒரு வரியாகச் சேர்த்தேன். 25-ல் 19 மீதம் இருந்தன. போன ஆறில் நான்கு கைரேகை விழாதவர்களுக்கு, இரண்டு மைனர் கணக்குக்கு. புதிய மேலாளர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்.