வழிநடத்தாத கேள்வி எழுதுவது: ஒரே ஒரு கேள்வியைப் பிரித்துப் பார்ப்போம்

"மாணவர் நலன் பற்றி சர்வே அசைன்மென்ட். என் கேள்விகள் எல்லாம் விடையை நானே எடுத்துக் கொடுப்பதுபோல இருக்கின்றன என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கேள்வியையும் ஸ்கேலையும் எப்படி எழுதுவது?"

உங்கள் படிவத்தில் இந்த மாதிரி ஒன்றாவது இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்:

"தேர்வுச் சுமையாலும் பெற்றோரின் எதிர்பார்ப்பாலும் உங்களுக்கு எவ்வளவு மன அழுத்தம் ஏற்படுகிறது? ஓரளவு / அதிகம் / மிக அதிகம் / தாங்க முடியாத அளவு."

அழுத்தமே இல்லாத மாணவருக்கு இதில் டிக் போட இடமில்லை. அவர் "ஓரளவு" என்று போட்டுவிட்டுப் போவார். நீங்களும் 100 சதவீத மாணவர்களுக்கு மன அழுத்தம் என்று அறிக்கை எழுதுவீர்கள். "சிறிதும் இல்லை" என்று ஒரு கட்டத்தைச் சேர்த்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலைதான், ஏனென்றால் காரணத்தையும் கேள்வியே முடிவு செய்துவிட்டது. பணக்கவலையில் தூக்கம் கெட்டவர் இங்கே என்ன போடுவார்? தேர்வு பயம் உண்டு, வீட்டில் எந்த நெருக்கடியும் இல்லை என்பவர்?

எனவே இரண்டாக உடையுங்கள். எப்படி இருக்கிறார்கள் என்பது முதலில், என்ன காரணம் என்பது பிறகு. காரணப் பட்டியலில் பலவற்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்று குறிப்பிட்டு, "வேறு" என்பதற்கு எழுத இடம் விடுங்கள். இந்த வரிசையை மாற்றக் கூடாது. காரணங்களை வரிசையாகப் படித்துவிட்டு வருபவர் பொதுக் கேள்விக்கும் அந்த நினைப்பிலேயே பதில் சொல்வார்.

அடுத்தது "மன அழுத்தம்" என்ற சொல். ஒருவருக்கு அது சின்ன எரிச்சல், இன்னொருவருக்கு நோய். முடிந்த இடத்தில் எண்ணக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்: "கடந்த 7 நாள்களில், படுத்து அரை மணி நேரத்துக்கு மேலாகியும் தூக்கம் வராத இரவுகள் எத்தனை?" விடை 0 முதல் 7 வரை. உணர்வைத்தான் கேட்டாக வேண்டும் என்றால்: "கடந்த 2 வாரங்களில் எவ்வளவு நேரம் பதற்றமாக உணர்ந்தீர்கள்? ஒருபோதும் இல்லை / எப்போதாவது / ஏறக்குறையப் பாதி நேரம் / பெரும்பாலான நேரம் / எல்லா நேரமும்." ஐந்து கட்டத்துக்கும் பெயர் எழுதுங்கள். இரு முனைக்கு மட்டும் பெயர் வைத்து நடுவில் வெறும் எண்ணை விட்டால், 3 என்பதற்கு ஆளுக்கொரு அர்த்தம் வரும்.

"நான் பதற்றமாக இருக்கிறேன்: ஒப்புக்கொள்கிறேன் / மறுக்கிறேன்" வகையை முடிந்தவரை தவிர்ப்பேன். எது சொன்னாலும் ஆமாம் போடும் பழக்கம் பலருக்கு உண்டு. அதுவும் சேர்ந்து உங்கள் கணக்கில் ஏறிவிடும். இப்படி ஒப்புதல் கேட்கும் லிக்கர்ட் ஸ்கேல் 1932-லிருந்து இருக்கிறதே என்று யாராவது கமென்டில் வருவார்கள். இருக்கட்டும். ஒப்புதல் கேட்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு நேரம் என்று நேராகக் கேட்க முடியும்போது சுற்றி வளைப்பானேன்?

கேள்வி சுத்தமாக இருந்தும் கட்டங்கள் வழிநடத்தும். 1985-இல் உளவியலாளர் நோர்பர்ட் ஷ்வார்ஸும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் தினமும் எவ்வளவு நேரம் டிவி பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். ஒரு குழுவுக்குக் கட்டங்கள் அரை மணியில் தொடங்கி "இரண்டரை மணிக்கு மேல்" என்று முடிந்தன. இன்னொரு குழுவுக்கு "இரண்டரை மணி வரை" என்பதே முதல் கட்டம். இரண்டரை மணிக்கு மேல் என்றவர்கள் முதல் குழுவில் 16.2 சதவீதம், இரண்டாவதில் 37.5. நடுக்கட்டம்தான் ஊரில் எல்லோரும் செய்வது என்று எடுத்துக்கொண்டு அதையொட்டி விடை சொல்கிறார்கள். ஆகவே செல்போன் நேரம், படிக்கும் நேரம் போன்றவற்றுக்குக் கட்டமே வேண்டாம். எண்ணை அவர்களே எழுதட்டும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு கேட்கவில்லை. கிரான்பாக் ஆல்பா என்ற நம்பகத்தன்மை எண் 0.8 வந்துவிட்டது, அதனால் கேள்வித்தாள் சரி என்று எழுதும் அறிக்கைகளுக்குக் குறைவே இல்லை. கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைத்தான் ஆல்பா காட்டும். எல்லாக் கேள்வியும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், எதற்கும் ஆமாம் போடுபவர்களால் அது இன்னும் ஏறும்.

ரெடிமேட் ஸ்கேல் எடுக்கலாமே என்றால், தாராளமாக. மனநலனை அளக்கும் உலக சுகாதார நிறுவனத்தின் WHO-5-இல் ஐந்தே வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5. கூட்டி 4-ஆல் பெருக்கினால் 100-க்கு மதிப்பெண். ஆனால் அதன் வார்த்தைகளில் கை வைத்தால் பிறருடைய முடிவுகளோடு ஒப்பிட முடியாது.

படிவத்தை அனுப்பும் முன் ஐந்தாறு பேரை உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாகப் படித்துத் தங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "நீங்க என்ன எதிர்பார்க்கிறீங்கன்னு புரியுது" என்று ஒருவர் சிரித்தாலும் அந்தக் கேள்வியைத் திருத்தி எழுதுங்கள். இவர்களுடைய விடைகளை இறுதிக் கணக்கில் சேர்க்காதீர்கள்.