சட்டென்று எழுந்து போனவர்

கேள்வி: டாக்டர், எனக்கு 29 வயது. செயலியில் பழகிய பெண்ணை முதல்முறையாக நேரில் சந்தித்தேன். நன்றாகச் சிரித்துப் பேசினார். முக்கால் மணி நேரத்தில் சட்டென்று மணியைப் பார்த்து, "நான் கிளம்பணும்" என்று போய்விட்டார். வீடு சேர்ந்ததும் "நல்லா இருந்தது, தேங்க்ஸ்" என்று மெசேஜ் போட்டார். ஒப்புக்குச் சொன்னாரா என்று புரியாமல் நான் இன்னும் பதில் போடவில்லை. 11 நாளாக ராத்திரியெல்லாம் இதே நினைப்பு. பதற்றம் தெரியக்கூடாதென்று நண்பன் கொடுத்த அல்பிரசோலம் ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் போனேன். எனக்கு வியர்வை அதிகம். வாய் நாற்றமாக இருக்குமோ? இணையத்தில் ஒரு டெஸ்ட் எடுத்தேன், ஆட்டிசம் இருக்கலாம் என்கிறது.

பதில்: முதல் சந்திப்பில் வியர்க்கத்தான் செய்யும். வாய் நாற்றச் சந்தேகத்தை ஒரு பல் மருத்துவர் பத்து நிமிடத்தில் தீர்த்துவிடுவார். ஆட்டிசம் சின்ன வயதிலிருந்தே கூட வருவது. ஒருவர் சீக்கிரம் கிளம்பிப் போனதால் 29 வயதில் முளைப்பதில்லை. தூக்கம் வராத ராத்திரியில் எடுத்த டெஸ்டை நோய்க்கண்டறிதல் என்று நம்பாதீர்கள்.

அந்த மாத்திரைதான் எனக்குக் கோபம் வரவைத்தது. அல்பிரசோலம் பதற்றத்தை மட்டும் குறைப்பதில்லை. கண்ணைச் சொக்க வைக்கும், பேச்சை மந்தமாக்கும். அதோடு, அது வேலை செய்யும் நேரத்தில் நடப்பது மூளையில் சரியாகப் பதியாமலும் போகலாம். அரைகுறையாகப் பதிந்த ஒரு சாயங்காலத்தைத்தான் நீங்கள் 11 நாளாகத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறீர்கள். அந்த ஒன்றோடு நின்றிருந்தால் சரி. தூக்கத்துக்கென்று தினமும் போட ஆரம்பித்திருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்த வேண்டாம், வலிப்பு வரை கொண்டுபோய்விடும். மருத்துவரிடம் சொல்லி, படிப்படியாகக் குறையுங்கள்.

அவர் ஏன் போனார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் எழுந்து போகிறவர்களை என் அறையில் பார்த்திருக்கிறேன். ஒற்றைத் தலைவலி உள்ள ஒரு பெண் இப்படித்தான் பாதியில் கிளம்பினார். எதிரே இருந்தவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பார்வையின் ஓரத்தில் வளைந்து வளைந்து மின்னும் கோடு தெரிந்திருக்கிறது. இன்னும் அரைமணியில் தலை வெடிக்கும், வாந்தி வரும் என்று அவருக்கு அனுபவத்தில் தெரியும். முதல்முறை பார்க்கிற ஆளிடம் இதையெல்லாம் விளக்கத் தோன்றவில்லை. "ஒரு வேலை இருக்கு, மறந்துட்டேன்" என்று எழுந்துவிட்டார். எதிரே இருந்தவர் அதற்குப்பின் பேசவே இல்லை. "நான் என்ன தப்பாப் பேசினேன் டாக்டர்?" என்று என்னிடம் கேட்டது அந்தப் பெண்தான்.

பேச்சு முடிகிற நேரத்துக்கும் பிடித்துப்போவதற்கும் நீங்கள் நினைக்கிற அளவு தொடர்பு கிடையாது. 2021-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் 900-க்கும் மேற்பட்ட உரையாடல்களை எடுத்துப் பார்த்தார்கள். இரண்டு பேருமே விரும்பிய நேரத்தில் முடிந்தவை சுமார் 2 சதவீதம்தான். பேச்சு இன்னும் நீண்டிருக்கலாம் என்று நினைத்தவர்களும் அதில் இருந்தார்கள்; எதிராளி எப்போது முடிக்க விரும்புகிறார் என்பதைப் பெரும்பாலானவர்களால் ஊகிக்கவே முடியவில்லை.

அதனால் கிளம்பிய விதத்தைத் துருவாதீர்கள், அப்புறம் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பிடிக்காமல் போனவர் வீட்டுக்குப் போய்த் தானாக மெசேஜ் போடுவது குறைவு. அவர் போட்டிருக்கிறார். பதில் சொல்லாமல் அந்தப் பேச்சைப் பாதியில் வெட்டியது நீங்கள். இன்றைக்கே எழுதுங்கள்: "பதில் போடத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். எனக்கும் பிடித்திருந்தது. வரும் வாரம் சந்திக்கலாமா?" ஏன் போனீர்கள் என்று கேட்க வேண்டாம். அந்த வாரம் முடியாவிட்டாலும் வேறு நாள் சொன்னால் விருப்பம் இருக்கிறது. நாள் எதுவும் சொல்லாமல் மரியாதையாக நழுவினாலோ, ஒரு வாரம் பதிலே இல்லாவிட்டாலோ விட்டுவிடுங்கள். காரணம் தெரியாமலே போகும். இரண்டாவது மெசேஜ் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் நான் பயப்படுகிற விஷயம் அந்த 11 ராத்திரிகள். முடிந்துபோன சந்திப்பை இப்படி விசாரணை போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் தன்னைக் குற்றவாளியாக்குவது சமூகப் பதற்றக் கோளாறில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது. இது இந்தப் பெண் விஷயத்தில் மட்டும்தானா? அலுவலகக் கூட்டத்தில் பேசிய பிறகும், விசேஷத்துக்குப் போய் வந்த பிறகும் இதே கதையா? அதற்குப் பயந்து கூட்டங்களைத் தவிர்க்கிறீர்களா? ஆறு மாதமாக இப்படி இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சிந்தனை, நடத்தை சார்ந்த பேச்சு சிகிச்சை இதற்கு நன்றாகவே பலன் தருகிறது. வாரம் ஒருமுறை என்று மூன்று நான்கு மாதம் ஆகலாம். தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார்கள், ஆனால் அது உங்கள் நண்பன் கொடுத்த ரகமாக இருக்காது.

மறுபடி சந்திக்க வாய்த்தால் வெறுமனே போங்கள். கை நடுங்கினால் நடுங்கட்டும். எதிரே இருப்பவருக்கும் நடுங்கலாம்.