4-3-3 அணிக்கு எதிரே 4-4-2 நடுக்களத்தை ஏன் இழக்கிறது?

கேள்வி: எங்கள் ஞாயிற்றுக்கிழமை அணிக்கு நான்தான் பயிற்சியாளர். எப்போதும் 4-4-2 ஆடுகிறோம். 4-3-3 ஆடும் அணிகள் வந்தால் நடுக்களத்தில் எங்களுக்குப் பந்தே கிடைப்பதில்லை. நாங்களும் 4-3-3-க்கு மாறிவிடலாமா?

இப்போதைக்கு மாற வேண்டாம். உங்கள் இரண்டு ஸ்ட்ரைக்கர்களில் ஒருவர் நிற்கும் இடத்தை மட்டும் மாற்றுங்கள். நீங்கள் சொல்லும் சிக்கலில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும்.

உங்கள் 4-4-2-வில் மைதானத்தின் மையத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். எதிரணியின் 4-3-3-இல் அதே இடத்தில் மூன்று பேர், முக்கோணமாக நிற்கிறார்கள்: இருவர் முன்னால், ஒருவர் அவர்களுக்குப் பின்னால். பின்னால் நிற்பவரை வழக்கமாக 6-ஆம் எண் என்பார்கள். உங்கள் இருவரும் முன்னால் உள்ள இருவரைப் பிடித்துக்கொண்டால் 6-ஆம் எண்ணைப் பிடிக்க ஆள் இல்லை. அவர் நிதானமாகப் பந்தை வாங்கி, திரும்பி, தலையை நிமிர்த்தி யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்க்கிறார். உங்களில் ஒருவர் பொறுக்க முடியாமல் அவரை நோக்கி ஓடினால், அந்த நொடியிலேயே அவர் விட்டுவந்த ஆளுக்குப் பந்து போய்விடும். பக்கவாட்டு நடுக்கள வீரரை உள்ளே இழுத்தால் எதிரணியின் ஃபுல்பேக்குக்குத் திறந்த வெளி கிடைத்துவிடும். ஆகவே உங்கள் பையன்கள் சோம்பேறிகளும் இல்லை, திறமை குறைந்தவர்களும் இல்லை. மூன்று பேருக்கு எதிரே இரண்டு பேர் என்ற கணக்குதான் அவர்களைத் தோற்கடிக்கிறது.

2004-05 பிரீமியர் லீக்கில் செல்சீயை மொரின்யோ சாம்பியனாக்கியதில் இந்த முக்கோணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அன்று இங்கிலாந்தில் பல அணிகள் 4-4-2 ஆடின. மகலேலே பின்னால் நின்றார், லாம்பார்டும் இன்னொருவரும் முன்னால் நின்றார்கள். எதிரணியின் இரண்டு நடுக்கள வீரர்களும் முன்னால் நின்ற இருவரிடமே மாட்டிக்கொள்ள, மகலேலே கேட்பாரின்றிப் பந்தை வாங்கிப் பகிர்ந்தார். அந்தப் பருவத்தில் செல்சீ 38 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 15 மட்டுமே.

உங்கள் சிக்கலும் இதுதானா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அடுத்த ஆட்டத்தில் ஒரு பத்து நிமிடம் பந்தைப் பார்க்காமல் எதிரணியின் 6-ஆம் எண்ணை மட்டும் பாருங்கள். பந்தை வாங்கும்போது அவர் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதே முக்கியம். தன் கோல் பக்கம் பார்த்தபடி வாங்கி, வந்தவரிடமே திருப்பிக் கொடுத்தால் கவலையில்லை. உங்கள் கோலைப் பார்த்துத் திரும்பிவிடுகிறார் என்றால் நோய் அங்கேதான் இருக்கிறது. எதிரணியின் சென்டர் பேக்குகள் தங்களுக்குள் எத்தனை முறை பந்தைத் தட்டிக்கொண்டாலும் அதைப் பொருட்படுத்தாதீர்கள். வார இறுதி அணிப் பயிற்சியாளர்கள் பலர் அதைப் பார்த்துப் பதறி இரண்டு ஸ்ட்ரைக்கர்களையும் விரட்டச் சொல்கிறார்கள். நடுவில் 6-ஆம் எண்ணுக்கு வழி திறப்பது அப்போதுதான்.

ஸ்ட்ரைக்கர்கள் இருவரும் ஒரே வரிசையில் அக்கம்பக்கமாக நிற்கக் கூடாது. எதிரணியின் வலது சென்டர் பேக்கிடம் பந்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டாவது ஸ்ட்ரைக்கர் கை நீட்டினால் தொடும் தூரத்தில் 6-ஆம் எண்ணுடன் நிற்கிறார். முதல் ஸ்ட்ரைக்கர் நேராக ஓடாமல் வளைந்து ஓடி, இரு சென்டர் பேக்குகளுக்கும் இடையிலான பாதையை மறிக்கிறார். இனி பந்து இடப்பக்கம் திரும்ப முடியாது. வலது ஃபுல்பேக்கிடம்தான் போக வேண்டும். அது அங்கே போவதற்குள் உங்கள் இடது பக்க நடுக்கள வீரர் அவரை நெருங்குகிறார். அந்தப் பக்கத்து மைய வீரர் அவருக்குப் பின்னால் நகர்ந்து, வலது பக்கமுள்ள முன் நடுக்கள வீரரை எடுத்துக்கொள்கிறார். மற்ற மைய வீரரும் அதே பக்கம் நகர்கிறார். கடைசியாக, பந்துக்கு வெகு தூரத்தில் இருக்கும் உங்கள் வலது பக்க வீரர் கோட்டோரத்தை விட்டு மைதானத்தின் மையம் வரை உள்ளே வர வேண்டும். பெரும்பாலான அணிகளில் இந்தக் கடைசி ஆள்தான் வருவதில்லை. தன் பக்கத்து ஃபுல்பேக் தனியாக நிற்கிறாரே என்ற பயத்தில் கோட்டோரத்திலேயே நின்றுவிடுகிறார். 60 மீட்டருக்கு மேல் அகலமுள்ள மைதானத்தைக் குறுக்கே கடந்து துல்லியமாகப் பந்தை அனுப்பும் கால் வார இறுதி ஆட்டங்களில் அபூர்வம். அப்படியே அனுப்பினாலும் பந்து காற்றில் இருக்கும் நேரத்தில் அவர் திரும்பி ஓடிவிடலாம். இதை அவரிடம் சொல்வதோடு நிறுத்தாமல் மைதானத்தில் நடந்தே காட்டுங்கள்.

லெஸ்டர் 2015-16-இல் பிரீமியர் லீக்கை வென்றது இப்படிப்பட்ட 4-4-2-வை ஆடித்தான். வார்டி முன்னால் நின்றார். ஒகசாகி சற்றுப் பின்னால் இறங்கி எதிரணியின் நடுக்களத்தைத் தொல்லை செய்தார். பெரும்பாலான ஆட்டங்களில் பந்து எதிரணியிடமே அதிக நேரம் இருந்தது. ஒகசாகி பல ஆட்டங்களில் முழு நேரமும் ஆடவில்லை, இடையிலேயே மாற்றப்பட்டார். இந்த வேலை அவ்வளவு களைப்பைத் தரும். உங்கள் போட்டியில் வெளியே வந்தவர் மீண்டும் இறங்கலாம் என்றால், இந்த ஓர் இடத்துக்கு மட்டும் இரண்டு பேரை மாற்றி மாற்றி இறக்குங்கள்.

இது பலிக்காமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. நடுக்களம் முன்னேறி வர, உங்கள் சென்டர் பேக்குகள் பின்னால் பந்து விழுந்துவிடுமோ என்று பெனால்டி பெட்டியின் ஓரத்திலேயே நின்றுவிடுவார்கள். இடையில் 25 மீட்டர் வெளி திறந்து கிடக்கும். சாக்கி பயிற்றுவித்த மிலான், கடைசித் தடுப்பு வீரரிலிருந்து முன்கள வீரர் வரை மொத்த அணியையுமே ஏறத்தாழ 25 மீட்டருக்குள் வைத்திருக்க முயன்றது. அந்த அளவு உங்களுக்குத் தேவையில்லை. தடுப்பு வரிசைக்கும் நடுக்கள வரிசைக்கும் இடையே 12 மீட்டருக்குள் இருந்தால் போதும். தலைக்கு மேல் போட்டு விழும் பந்துகளை எதிரணியே தொடர்ந்து பொறுக்கினால் இடைவெளி கூடிவிட்டது என்று பொருள். சென்டர் பேக்குகள் மெதுவானவர்கள் என்றால் அவர்களை முன்னே தள்ளாதீர்கள்; நடுக்களத்தையும் ஸ்ட்ரைக்கர்களையும் பின்னே இழுத்து மொத்த அணியையும் கீழே இறக்குங்கள்.

பயிற்சிக்குப் பாதி மைதானம் போதும். எதிர்ப்பக்கம் நான்கு தடுப்பு வீரர்களும் முக்கோணமாக மூன்று நடுக்கள வீரர்களும். உங்கள் பக்கம் நான்கு நடுக்கள வீரர்களும் இரண்டு ஸ்ட்ரைக்கர்களும். 6-ஆம் எண் பந்தை வாங்கித் திரும்பிவிட்டால் அவர்களுக்கு ஒரு புள்ளி. நீங்கள் பந்தைப் பறித்துக் கோல் அடித்தால் உங்களுக்கு. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, தூரப் பக்கத்து வீரர் எங்கே நிற்கிறார் என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

4-3-3-க்கு மாறுவது பற்றி: பந்து இல்லாதபோது அது 4-5-1 ஆக வேண்டும். அதாவது இரண்டு விங்கர்களும் ஒவ்வொரு முறையும் தங்கள் பாதிக்குத் திரும்பி ஓடி வர வேண்டும். வராவிட்டால் மூன்று நடுக்கள வீரர்கள் மைதானத்தின் முழு அகலத்தையும் காக்க வேண்டியிருக்கும், உங்கள் ஃபுல்பேக் ஒற்றையாளாக இருவரைச் சந்திப்பார். இரண்டாம் பாதியின் கடைசி இருபது நிமிடத்திலும் திரும்பி வரும் இருவரும், தாக்குதலின்போது ஆசைப்பட்டு முன்னே ஓடாமல் இடத்தில் நிற்கும் ஒரு 6-ஆம் எண்ணும் உங்களிடம் இருந்தால் தாராளமாக மாறுங்கள். நீங்கள் நீண்ட பந்து ஆடும் அணி என்றால் இன்னொன்றையும் யோசியுங்கள்: 4-3-3-இல் முன்னால் தனியாக நிற்கும் ஸ்ட்ரைக்கர் தலையால் தட்டிவிடும் பந்தை எடுக்க அருகில் ஆள் இருக்காது.

நீங்கள் 6-ஆம் எண்ணை அடைத்துவிட்டால், விவரமான எதிரணி தன் சென்டர் பேக்கையே பந்துடன் முன்னேறி வரச் சொல்லும். நடுக்கோடு வரை அவரை விட்டுவிடுங்கள். முதல் ஸ்ட்ரைக்கர் மட்டும் பக்கவாட்டில் துரத்தட்டும். கோட்டைத் தாண்டினால் மட்டும் இரண்டாமவர் 6-ஆம் எண்ணுக்குப் போகும் வழியை மறித்தபடியே அவரை எதிர்கொள்ள வேண்டும். மைய வீரர்கள் இருவரும் எக்காரணம் கொண்டும் இடத்தை விட்டு வெளியே வரக் கூடாது.