பி-யா, பி-யா? வங்கியில் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்வது எப்படி

கேள்வி: என் வைப்புத்தொகைக்கு மகளை நாமினியாகப் போட்டேன். ஆதாரில் இருப்பது PADMAVATHY D. கவுண்டரில் எழுத்து எழுத்தாகத்தான் சொன்னேன், ரசீதில் BADMAVATI T என்று வந்திருக்கிறது. கஸ்டமர் கேரில் சொன்னால் அவர்கள் PATMAVATHI என்று பதிந்துகொண்டார்கள். வங்கி வாசலில் ஒருவர் 800 ரூபாய்க்கு முடித்துத் தருகிறேன் என்கிறார். எப்படிச் சொன்னால் இவர்களுக்குச் சரியாகக் கேட்கும்?
(தண்டபாணி, திண்டுக்கல்)

பதில்: அந்த 800 ரூபாயை முதலில் பத்திரமாகச் சட்டைப்பையில் வையுங்கள் ஐயா. வாசலில் நிற்பவருக்கு வங்கிக் கணினியில் கை வைக்க வழியே கிடையாது. அவர் செய்யப்போவது, நீங்கள் எழுதவேண்டிய அதே கடிதத்தை எழுதி, உங்கள் மகளின் ஆதார் நகலோடு உள்ளே நீட்டுவதுதான். அந்த நகல் பிறகு எத்தனை கை மாறும் என்று யாருக்கும் தெரியாது. முப்பது வருடம் கவுண்டருக்கு உட்புறம் இருந்தவன் நான். இப்படி வந்த நகல்களின் பின்பக்கத்தில் வேறு யாருடைய கணக்கு விவரமோ கிறுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

இனி பெயருக்கு வருவோம். நீங்கள் தவறாகச் சொல்லவில்லை. பி, டி, வி, சி, ஜி எல்லாமே 'ஈ' என்ற ஒரே ஓசையில் முடிகின்றன. ஒன்றை ஒன்றிலிருந்து பிரிப்பது தொடக்கத்தில் வரும் கண்ணிமைக்கும் நேரத்து ஒலி மட்டும்தான். கவுண்டர் கண்ணாடி அதைத் தின்றுவிடும். தொலைபேசி இன்னும் மோசம். பழைய தொலைபேசி வழி சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். 'எஸ்', 'எஃப்' இரண்டையும் பிரித்துக் காட்டும் சீறல் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கிறது. அதனால்தான் இரண்டும் ஒன்றுபோலக் கேட்கின்றன.

நமக்குக் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. தமிழில் ப ஒன்றுதான், ட ஒன்றுதான். பாட்டு என்பதில் வரும் 'ப'வுக்கும் அன்பு என்பதில் வரும் 'பு'வுக்கும் ஒலி வேறு, எழுத்து ஒன்று. இடத்தைப் பார்த்து நாமே புரிந்துகொள்கிறோம். ஆங்கில எழுத்தைத் தனியாகச் சொல்லும்போது அந்த இடம் என்ற துணை இல்லை. 'பி' என்றால் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். 'டி'யும் அப்படித்தான். உங்கள் ரசீதில் D என்ற இனிஷியல் T ஆனதும், கஸ்டமர் கேரில் பெயரின் நடுவிலுள்ள D போய் T வந்ததும் இந்த ஒரே காரணத்தால்.

கடைசி எழுத்து I ஆனதற்கும், கவுண்டரில் H காணாமல் போனதற்கும் காரணம் வேறு. பத்மாவதி என்பது நாடு முழுக்கத் தெரிந்த பெயர். வடக்கே அதை PADMAVATI என்று எழுதுவார்கள். நீங்கள் நான்கு எழுத்துச் சொல்வதற்குள் எதிரில் இருப்பவர் தனக்குப் பழக்கமான வடிவத்தைத் தட்டி முடித்துவிடுவார். கேள்விப்படாத பெயரைவிடத் தெரிந்த பெயரில்தான் பிழை அதிகம். லட்சுமிகள் LAXMI ஆகி வந்து நிற்பதை நான் வாரம் ஒருமுறையாவது பார்த்திருக்கிறேன்.

ஆகவே எழுத்தோடு ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்லவேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். எந்தச் சொல் என்பதில்தான் தவறு செய்கிறோம். பள்ளியில் படித்த 'பி ஃபார் பால்', 'சி ஃபார் கேட்' இங்கே உதவாது. பால், கால், டால், வால் எல்லாம் ஒரே வால்பகுதி கொண்டவை. முதல் எழுத்து கேட்காவிட்டால் எதுவாகவும் இருக்கலாம். 'எம் ஃபார் மேங்கோ' என்பது 'டி ஃபார் டேங்கோ' என்று கேட்கும். 'ஜி ஃபார் ஜிராஃப்' என்றால் பாதிப் பேர் J தட்டுவார்கள். 'பி ஃபார் பழனி' என்று பக்தியோடு சொல்வோம், ஆனால் நொய்டாவில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பழனி தெரியாது, அவர் காதில் அது 'பலனி'.

சொல்லைத் தேர்ந்தெடுக்க ஒரே சோதனை போதும். முதல் எழுத்தை மூடிவிட்டு மீதியைச் சொல்லிப் பாருங்கள். கேட்பவருக்கு அது என்ன சொல் என்று அப்போதும் தெரிந்தால் நல்ல சொல். '...ல்லி' என்றால் டெல்லி. '...ம்பை' என்றால் மும்பை. விமானிகள் சொல்லும் ஆல்ஃபா, பிராவோ, சார்லி பட்டியலும் இப்படித் தேடி எடுத்ததுதான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு பல மொழிக்காரர்களிடம் சோதித்து, 1956 மார்ச்சில் இன்றைய வடிவத்தைக் கொண்டுவந்தது. அதை நீங்கள் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டியது உங்கள் வீட்டுப் பெயர்களுக்கான சொற்கள் மட்டும். ஒருமுறை எழுதிப் பாஸ்புக்கின் உள்ளட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் மகளுக்கு நான் இப்படிச் சொல்வேன்:

"பெயரில் மொத்தம் பத்து எழுத்து, அப்புறம் ஓர் இடைவெளி, அப்புறம் ஒரே எழுத்து இனிஷியல். முதல் மூன்று: பி, பேப்பர். ஏ, ஆப்பிள். டி, டெல்லி." இங்கே நிறுத்துங்கள். அவர் 'ம்' என்ற பிறகு, "அடுத்த மூன்று: எம், மும்பை. ஏ, ஆப்பிள். வி, விக்டர்." மறுபடி நிறுத்துங்கள். "கடைசி நான்கு: ஏ, ஆப்பிள். டி, டைகர். ஹெச், ஹோட்டல். ஒய், யெல்லோ. ஹெச் கட்டாயம் உண்டு, முடிவில் ஐ இல்லை. இனிஷியல் டி, டெல்லி."

எண்ணிக்கையை முதலில் சொல்வதுதான் இதில் உயிர்நாடி. பத்து என்று சொல்லிவிட்டால், H விட்டுப்போகும்போது அவர் திரையில் ஒன்பதுதான் இருக்கும், அவருக்கே உறுத்தும். நடுவில் 'ஃபார்' போடாததையும் கவனித்திருப்பீர்கள். எண்ணும் எழுத்தும் கலந்து வரும் இடத்தில் 'பி ஃபார்' என்பது 'பி ஃபோர்' ஆகி ஒரு 4 உள்ளே புகுந்துவிடும். இரட்டை எழுத்து வரும் பெயர்களில் 'டபுள்' என்றும் சொல்லாதீர்கள். 'டபுள் யூ' என்றால் இரண்டு U-வா, W-வா? இரண்டு முறை தனித்தனியாகச் சொல்வதே நல்லது.

சொல்லி முடித்ததும் "சரியா?" என்று கேட்காதீர்கள். "சரி சார்" என்றுதான் பதில் வரும். "எழுதியதை நீங்கள் சொல்லோடு திருப்பிப் படியுங்கள்" என்று கேளுங்கள். அவர் வெறும் எழுத்தாகப் படித்தால் பயனில்லை. அவர் சொல்லும் 'பி'யும் உங்கள் காதில் எந்தப் பி-யாகவும் விழும்.

எண்களுக்கு இந்தச் சொல் வித்தை தேவையில்லை, ஒவ்வொன்றாகச் சொன்னால் போதும். ஒரே ஒரு விதிவிலக்கு பூஜ்யம். ஐஎஃப்எஸ்சி குறியீட்டில் பதினோரு இடங்கள். முதல் நான்கு வங்கியைக் குறிக்கும் எழுத்து, கடைசி ஆறு கிளையைக் குறிக்கும். நடுவில், ஐந்தாவது இடத்தில் இருப்பது எல்லா வங்கிக்கும் பூஜ்யம்தான், O என்ற எழுத்து அல்ல. நாம் பழக்கத்தில் அதை 'ஓ' என்கிறோம். எதிரில் இருப்பவர் O தட்டுவார், கணினி ஏற்காது, "உங்கள் குறியீடே தவறு" என்று உங்களைத் திருப்பி அனுப்புவார். எனவே 'ஓ' என்ற ஒலியை எழுத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எண்ணுக்கு 'சைபர்' அல்லது 'ஜீரோ' என்றே சொல்லுங்கள். பான் எண்ணிலும் இந்தக் குழப்பம் வரும். அங்கே முதல் ஐந்து எழுத்து, அடுத்த நான்கு எண், கடைசி ஒன்று எழுத்து என்று இடத்தைச் சொன்னால் தீர்ந்தது.

நிற்க. உங்கள் விஷயத்தில், பிழை ஏற்கெனவே பதிவாகிவிட்டது. இதற்கு இனி வாயால் சொல்லி வழி தேடாதீர்கள். நாமினியை நீங்கள் உயிரோடு இருக்கும்வரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கிளையில் நாமினி மாற்றப் படிவம் வாங்கி, ஆதாரில் உள்ளபடி பெரிய எழுத்தில் நீங்களே எழுதி, கையெழுத்திட்டுக் கொடுங்கள். கவுண்டரில் அந்தப் பெயரைக் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதிய தனித் தாள் ஒன்றையும் கண்ணாடி வழியே காட்டுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை தருவது வங்கியின் கடமை. நாமினி பெயரையே பாஸ்புக்கிலோ ரசீதிலோ அச்சிடவேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அச்சான பெயரை அங்கேயே நின்று ஓர் எழுத்து விடாமல் படியுங்கள். கணவர் இறந்தபின் ஓர் எழுத்துக்காக மூன்று மாதம் அலைந்த ஓர் அம்மாவின் கோப்பு என் மேசையில் இருந்தது. பிழை எங்கள் கிளையில் தட்டச்சு செய்தவருடையது, அலைந்தது அவர். வாடிக்கையாளர் பக்கம் திரும்பிய ஒரு சின்னத் திரை இருந்திருந்தால் அந்தப் பிழை அன்றே தெரிந்திருக்கும். மருந்துக்கடையில்கூட அந்தத் திரை இருக்கிறது. வங்கிக்கு மட்டும் ஏன் முடியவில்லை என்று பணியில் இருந்தபோதே கேட்டுக் களைத்துவிட்டேன்.

கஸ்டமர் கேர் எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. இணையத்தில் தேடி எடுத்திருந்தால், அந்த எண் உங்கள் பாஸ்புக்கிலோ கார்டின் பின்புறத்திலோ இருக்கிறதா என்று இன்றே ஒப்பிட்டுப் பாருங்கள். போலி எண்ணை வைத்துக் காத்திருப்பவர்கள் மிகப் பொறுமையாகப் பேசுவார்கள். பெயரை அழகாகத் திருப்பிப் படிப்பார்கள். அந்த நம்பிக்கையில், "உறுதி செய்ய ஓர் எண் வந்திருக்கும், அதையும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்" என்பார்கள். பெயர், கிளை, புகார் எண் வரை எழுத்துக் கூட்டிச் சொல்லலாம். ஓடிபி, பின், கார்டின் பின்னால் உள்ள மூன்று எண், கடவுச்சொல் ஆகிய இவற்றை எந்த உண்மையான வங்கி ஊழியரும் வாயால் சொல்லக் கேட்கமாட்டார். கேட்ட உடனே போனை வையுங்கள். ஏற்கெனவே சொல்லிவிட்டுப் பணம் போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

ஒப்புகை தர மறுத்தால் கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுத்துத் தேதியுடன் முத்திரை வாங்குங்கள். வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால் `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். அங்கே பெயரை நீங்களே தட்டச்சு செய்வீர்கள்.